ஏசி ரிமோட்டை மைக்ரோகன்ட்ரோலருக்குப் பழக்குவது: பதிவுசெய்து ஒப்பிப்பதா, பைட்டைப் பிரித்துப் படிப்பதா?

டிவி ரிமோட்டைப் பழக்கிய கையோடு ஏசி பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். வெப்பநிலையைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை பதிவுசெய்து வைத்துக்கொண்டால், மைக்ரோகன்ட்ரோலர் அதைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஒரு டிகிரி கூடும் என்று நினைத்தேன். முதல் முறை அனுப்பினேன், ஏசி 24-க்குப் போனது. இரண்டாம் முறையும் 24. பத்து முறை அனுப்பினாலும் 24தான். ஒவ்வொரு தடவையும் 'பீப்' என்று சத்தம் மட்டும் தவறாமல் வந்தது.

ஏசி ரிமோட் பொத்தானை அனுப்புவதே இல்லை. டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் 'கூட்டு' என்ற ஒரு சின்னக் குறியீடு போகிறது. இப்போது ஒலி எவ்வளவு என்பது டிவிக்குத்தான் தெரியும். ஏசியில் இது தலைகீழ். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ரிமோட் தன் சின்னத் திரையில் இருப்பதை அப்படியே ஒரு கடிதமாக எழுதி அனுப்புகிறது: 'இயங்கு, குளிர் நிலை, 24 டிகிரி, விசிறி இந்த வேகம், காற்று இந்தத் திசை.' அதனால்தான் ஏசி ரிமோட்டில் திரை இருக்கிறது, டிவி ரிமோட்டில் இல்லை. நான் பதிவுசெய்தது 'கூட்டு' அல்ல, '24-இல் வை'.

இதைப் புரிந்துகொண்டால் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வந்த துடிப்புகளை அப்படியே பதிவுசெய்து அப்படியே திருப்பி அனுப்பலாம். ஏற்கெனவே யாரோ பிரித்துப் படித்து எழுதிவைத்த லைப்ரரியைப் பயன்படுத்தலாம். அல்லது நாமே உட்கார்ந்து அந்தக் கடிதத்தின் எழுத்துகளைக் கண்டுபிடிக்கலாம். எதை எடுப்பது என்பது உங்களுக்கு எத்தனை நிலைகள் தேவை, உங்கள் ஏசி பேசும் மொழி லைப்ரரிக்குத் தெரியுமா, வீட்டில் மற்றவர்கள் பழைய ரிமோட்டையும் எடுப்பார்களா என்ற மூன்றைப் பொறுத்தது. மூன்றாவதைத்தான் யாரும் முதலில் யோசிப்பதில்லை.

எந்த வழியானாலும் முதலில் கேட்கத் தெரிய வேண்டும்

மூன்று வழிகளுக்கும் தொடக்கம் ஒன்றுதான். மூன்று கால் கொண்ட 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றையும் இஎஸ்பி8266 பலகை ஒன்றையும் வைத்துக்கொண்டு, `IRremoteESP8266` லைப்ரரியில் இருக்கும் `IRrecvDumpV2` எடுத்துக்காட்டை ஏற்றினால் போதும். ரிமோட்டை அழுத்தும்போதெல்லாம் சீரியல் மானிட்டரில் துடிப்புகளின் நீளம் மைக்ரோவிநாடிக் கணக்கில் வந்து விழும்.

ஏசிக்கென்று இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். டிவி குறியீடு பெரும்பாலும் 32 பிட். ஏசியின் கடிதம் நூற்றுக்கணக்கான பிட்கள் வரை போகும். அதனால் பதிவு இடம் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம், பல ஏசி ரிமோட்டுகள் கடிதத்தின் நடுவே சற்று மூச்சு வாங்கும். ஒரு வகையில் அந்த இடைவெளி 17 மில்லிவிநாடி, இன்னொன்றில் 30-ஐ ஒட்டி. மென்பொருள் 15 மில்லிவிநாடி அமைதியைக் கண்டதும் 'முடிந்தது' என்று முடிவுகட்டினால் உங்களுக்குப் பாதிக் கடிதம்தான் கிடைக்கும்.

```cpp
const uint16_t kCaptureBufferSize = 1024;
const uint8_t kTimeout = 50;
IRrecv irrecv(kRecvPin, kCaptureBufferSize, kTimeout, true);
```

ஒரு அழுத்தலுக்குத் திரையில் இரண்டு பதிவுகள் வந்தாலோ, அதே பொத்தானுக்கு எண்ணிக்கை ஒருமுறை 291, மறுமுறை 583 என்று தாவினாலோ, ரிமோட்டைக் குறை சொல்லாமல் `kTimeout`-ஐப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோவில் இதையே செய்ய முயன்றால் வேறொரு சுவரில் முட்டுவீர்கள். அதில் மொத்தமே 2 கிலோபைட் ரேம். 583 எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட் என்றால் 1166 பைட் அதிலேயே போய்விடும். முடியாது என்றில்லை, ஆனால் மிச்சமுள்ள வேலைக்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

அப்படியே பதிவுசெய்து ஒப்பிப்பது

இந்த வழியை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். உங்களுக்கு வேண்டியது 'குளிர் 24-இல் ஓடு', 'நில்' என்ற இரண்டே இரண்டு கட்டளைகள்தான் என்றால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். ரிமோட்டில் வேண்டிய நிலையை வைத்து அழுத்துங்கள், வந்த `rawData` வரிசையை நகலெடுத்து `irsend.sendRaw(rawData, 583, 38)` என்று அனுப்புங்கள். மொழி தெரியாமலே ஒரு செய்தியை மனப்பாடமாக ஒப்பிப்பது போல.

சிக்கல் நிலைகள் பெருகும்போது தொடங்குகிறது. குளிர் நிலை மட்டும், 16 முதல் 30 வரை 15 வெப்பநிலைகள், விசிறிக்கு 4 வேகம், ஸ்விங் உண்டு அல்லது இல்லை என்று வைத்தாலே 120 பதிவுகள். நினைவகக் கணக்கில் அது 140 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், பெரிய விஷயமில்லை. ஆனால் 120 தடவை பொத்தானை அழுத்தி, ஒவ்வொன்றையும் சரியான பெயரில் சேமித்து, நடுவில் ஒன்று கெட்டுப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது யார்?

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. ரிசீவர் நேர்மையான சாட்சி அல்ல. அது ஒளித் துடிப்பைக் கொஞ்சம் நீட்டியும், இடைவெளியை அதே அளவு சுருக்கியும் சொல்லும். நான் பதிவுசெய்த ஒரு கடிதத்தின் தொடக்கம் இது:

```
3436, 1714,
486, 1264,  484, 1262,  488, 386,  484, 388,
486, 384,   486, 1264,  488, 386,  484, 388,
```

இந்த வகைக் கடிதத்தில் இருக்க வேண்டியது 3400, 1750 என்ற தொடக்கமும், அதன்பின் 450 துடிப்பும், 1300 அல்லது 420 இடைவெளியும். எல்லாத் துடிப்பும் ஏறத்தாழ 36 நீண்டு, எல்லா இடைவெளியும் அதே அளவு சுருங்கியிருப்பதைப் பாருங்கள். இதை அப்படியே திருப்பி அனுப்பினால் ஏசியில் இருக்கும் ரிசீவரும் தன் பங்குக்கு நீட்டும். இரண்டு பிழையும் கூடும். பக்கத்தில் வைத்து அனுப்பினால் வேலை செய்து, அறையின் மறுமூலையிலிருந்து ஐந்தில் இரண்டு தடவை தவறும் பதிவுகளுக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கும். மருந்து எளிது: ஒரே நிலையை நாலைந்து தடவை பதிவுசெய்து, எண்களை அவற்றுக்குரிய சரியான அளவுக்கு உருட்டிவிட்டு அனுப்புங்கள். 480-ஐ ஒட்டியதெல்லாம் 450, 1260-ஐ ஒட்டியதெல்லாம் 1300, 390-ஐ ஒட்டியதெல்லாம் 420.

சரி, இப்படி உருட்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் பாதி வழி பிரித்துப் படித்தாயிற்று. நீண்ட இடைவெளி 1, குறுகிய இடைவெளி 0. மேலே உள்ள எட்டு ஜோடிகள் 1, 1, 0, 0, 0, 1, 0, 0. இதில் சிறிய பிட் முதலில் வருகிறது, ஆகவே 1 + 2 + 32 = 35, அதாவது `0x23`. கடிதத்தின் முதல் எழுத்து கிடைத்துவிட்டது.

பைட்டுகளை நாமே கண்டுபிடிப்பது

மூன்றாவது வழியை இரண்டாவதுக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம், இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் லைப்ரரி உள்ளே என்ன செய்கிறது என்பதும், அது தவறினால் எங்கே தவறியது என்பதும் புரியும்.

முறை ஒன்றுதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, எந்த பைட் மாறியது என்று பார். நான் பார்த்த ரிமோட்டின் கடிதம் 18 பைட். அதையே இரண்டு தடவை அனுப்பும். குளிர் நிலை, 24 டிகிரியில் முதல் பதிவு. அடுத்து வெப்பநிலையை மட்டும் 25 ஆக்கி இரண்டாவது.

```
23 CB 26 01 00 20 18 08 36 45 67 00 00 00 00 00 00 37
23 CB 26 01 00 20 18 09 36 45 68 00 00 00 00 00 00 39
```

முதல் பைட்டை 0 என்று எண்ணினால், 7-ஆம் பைட் `08`-இலிருந்து `09` ஆகியிருக்கிறது. அது வெப்பநிலையாகத்தான் இருக்க வேண்டும். 24-க்கு 8, 25-க்கு 9, அப்படியானால் 16-ஐக் கழித்து எழுதுகிறார்கள். கடைசி பைட் சரிபார்ப்புத் தொகையாக இருக்கும் என்பதும் எதிர்பார்த்ததுதான். ஆனால் வெப்பநிலை ஒன்று கூடினால் தொகையும் ஒன்றுதானே கூட வேண்டும்? இங்கே `37`, `39` ஆகியிருக்கிறது. 10-ஆம் பைட்டும் `67`-இலிருந்து `68` ஆகியிருக்கிறது. நான் தொட்டது ஒரு பொத்தான். மாறியது மூன்று பைட்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். `0x67` என்றால் 103. ரிமோட்டின் மூலையில் கடிகாரம் 17:20 காட்டிக்கொண்டிருந்தது. 103-ஐப் பத்தால் பெருக்கினால் 1030 நிமிடம், அதாவது 17 மணி 10 நிமிடம். 104 என்றால் 17:20. ரிமோட் தன் கடிகாரத்தையும் பத்துப் பத்து நிமிடமாகக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறது. இரண்டு அழுத்தலுக்கும் நடுவே அந்தப் பத்து நிமிட எல்லை கடந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியே பதிவுசெய்து ஒப்பிக்கும் வழியில் இது எனக்குத் தெரிந்திருக்கவே செய்யாது. நாள் முழுக்க, எப்போது அனுப்பினாலும், ஏசியிடம் மணி 17:10 என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். டைமரைத் தொடாதவரை அதனால் தொந்தரவு இல்லை. தொட்டால், ஏசி தவறான நேரத்தில் நிற்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரிபார்ப்புத் தொகையைக் கண்டுபிடிப்பதும் இதே பாணிதான். முதலில் மிக எளியதை முயலுங்கள்: முதல் 17 பைட்டையும் கூட்டி, கடைசி எட்டு பிட்டை மட்டும் எடுப்பது. முதல் வரியைக் கூட்டினால் `0x237` வருகிறது. கடைசி இரண்டு இலக்கம் `37`. பொருந்துகிறது.

```cpp
uint8_t sum = 0;
for (int i = 0; i < 17; i++) sum += state[i];
state[17] = sum;
irsend.sendGeneric(3400, 1750, 450, 1300, 450, 420, 440, 17100,
                   state, 18, 38, false, 1, 50);
```

எல்லா ஏசியும் இவ்வளவு நல்லபிள்ளையாக இருப்பதில்லை. சிலவற்றில் கடிதம் இரண்டு மூன்று பகுதிகளாக வந்து ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை இருக்கும். சிலவற்றில் நான்கு நான்கு பிட்டாகக் கூட்ட வேண்டும், சிலவற்றில் தொகையே இல்லாமல் ஒவ்வொரு பைட்டுக்கும் பின்னால் அதன் தலைகீழ் வரும். தொகை சரியா என்பதற்குத் தேர்வு எளிது. நீங்கள் பதிவே செய்யாத ஒரு வெப்பநிலைக்கு, உதாரணமாக 19-க்கு, நீங்களாகக் கடிதம் எழுதி அனுப்புங்கள். தொகை தவறாக இருந்தால் ஏசி கல் மாதிரி இருக்கும், பீப் கூட வராது. பீப் வந்து திரையில் 19 தெரிந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பீப் என்றால் கடிதம் செல்லும் என்று பொருள், நீங்கள் நினைத்ததைத்தான் எழுதினீர்கள் என்று பொருள் அல்ல.

இதற்கு ஆகும் நேரம் ஒரு மாலைப்பொழுதாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். எனக்கு இது பிடிக்கும். உங்களுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் பிடிக்காது என்றால் இந்த வழியை வேறு கதியில்லாதபோது மட்டும் எடுங்கள்.

லைப்ரரியை நம்புவது

மேலே நான் மெனக்கெட்ட அந்த 18 பைட் கடிதத்தை லைப்ரரி முதல் அழுத்தலிலேயே `MITSUBISHI_AC` என்று அடையாளம் கண்டு, வெப்பநிலை, நிலை, கடிகாரம் எல்லாவற்றையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டிவிடும். திரையில் `UNKNOWN` வராமல் ஏதாவது ஒரு பெயரும், அதன்கீழ் ரிமோட் திரையில் இருப்பதோடு பொருந்தும் விவரமும் வந்தால், மற்ற இரண்டு வழிகளையும் மறந்துவிடலாம். பெயர் உங்கள் ஏசியின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கட்டுப்பாட்டுப் பலகையைப் பல பெயர்களில் விற்கிறார்கள். விவரம் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

```cpp
IRMitsubishiAC ac(4);
// setup() உள்ளே ஒருமுறை: ac.begin();
ac.on();
ac.setMode(kMitsubishiAcCool);
ac.setTemp(24);
ac.setFan(1);
ac.send();
```

துடிப்பு நீளம் எல்லாம் உருட்டிய சரியான அளவில் போகும், தொகை தானாகப் போடப்படும். 120 நிலைகளும் இந்த ஏழு வரிக்குள் இருக்கின்றன.

பெயர் பொருந்தியும் நடத்தை கொஞ்சம் விலகுவதுதான் இதில் உள்ள தொல்லை. வெப்பநிலை சரியாக மாறும், ஆனால் காற்றுத் திசை மாறாது. அல்லது விசிறி வேகம் ஒன்று தள்ளி வரும். ஒரே குடும்பத்தில் மாதிரிக்கு மாதிரி சில பைட் வேறுபடுவதால் வருவது இது. அப்போது லைப்ரரி அனுப்பும் பைட்டுகளையும் உங்கள் அசல் ரிமோட் அனுப்பும் பைட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பைட்டில் விடை இருக்கும்.

ரிமோட்டை இன்னொருவர் எடுக்கும்போது

என் முடிவைத் தீர்மானித்தது நேர்த்தியோ நினைவகமோ அல்ல, இந்த விஷயம்தான். ஏசி திரும்பிப் பேசுவதில்லை. அது இயங்குகிறதா, எத்தனையில் இருக்கிறது என்று மைக்ரோகன்ட்ரோலரால் கேட்க முடியாது. தான் கடைசியாக என்ன அனுப்பியது என்பதுதான் அதற்குத் தெரியும். இரவு 24-இல் வைத்துவிட்டு அது நிம்மதியாக இருக்கும்போது வீட்டில் ஒருவர் குளிர்கிறது என்று பழைய ரிமோட்டை எடுத்து 27 ஆக்குகிறார். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் நிரல் விசிறி வேகத்தை மட்டும் குறைக்க நினைத்து முழுக் கடிதத்தையும் அனுப்புகிறது. அதில் 24 இருக்கிறது. அறை மறுபடியும் குளிர்ந்துவிடும். காலையில் உங்களுக்கு அர்ச்சனை.

ரிசீவரை எடுத்துவிடாமல் ஏசிக்குப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் இது தீரும். பழைய ரிமோட்டின் கடிதம் ஏசிக்குப் போகும்போது உங்களுக்கும் ஒரு நகல் வரும். பிரித்துப் படிக்கத் தெரிந்திருந்தால் `ac.setRaw(results.state)` என்ற ஒரே வரியில் உங்கள் நிலை புதுப்பிக்கப்பட்டுவிடும். அடுத்த கடிதத்தில் 27 தானாக இருக்கும். வெறும் துடிப்புப் பதிவை வைத்திருப்பவரால் இது முடியாது. யாரோ எதையோ அனுப்பினார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. அனுப்பும்போது மட்டும் `irrecv.disableIRIn()` போட்டு, முடிந்ததும் `irrecv.enableIRIn()` போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கடிதம் உங்களுக்கே வந்து சேரும்.

முழு நிலையை அனுப்புவதில் ஒரு நன்மையும் உண்டு. சந்தேகமாக இருந்தால் மறுபடி அனுப்பலாம், எதுவும் கெடாது. 'நில்' என்பதை மூன்று தடவை சொன்னாலும் நிற்கத்தான் செய்யும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்துகிறேன் என்று நிரல் எழுதினால் இரவெல்லாம் பீப் கேட்கும். அனுபவத்தில் சொல்கிறேன். இந்த நன்மைக்கும் விலக்கு இருக்கிறது. திரையில் `COOLIX` என்று வரும் 24 பிட் வகையில் ஸ்விங், டர்போ போன்றவை நிலையின் பகுதியே அல்ல. தனிக் கட்டளைகள், ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும், நின்றிருந்தால் ஓடும். அவற்றை மறுபடி மறுபடி அனுப்பக் கூடாது. சில ரிமோட்டுகளில் இயக்கு-நிறுத்து பொத்தானே இந்த ரகம். அதை முதலிலேயே சோதித்துவிடுங்கள்: ஓடும் நிலையில் எடுத்த 'நில்' பதிவை இரண்டு தடவை அனுப்புங்கள். இரண்டாம் தடவை ஏசி மறுபடி ஓடினால் எந்த வழியை எடுத்தாலும் ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க வேறு ஏற்பாடு தேவை. காற்று வரும் வாயில் ஒரு வெப்பநிலை உணரியை வைப்பது அதில் மலிவானது.

ஆகவே என் தேர்வு வரிசை இது. முதலில் லைப்ரரி, பெயரும் விவரமும் பொருந்தினால் அத்துடன் நிறுத்திக்கொள்வேன். `UNKNOWN` வந்து, இரண்டு மூன்று நிலைகள் மட்டும் போதும், பழைய ரிமோட் அலமாரிக்குள் போய்விடும் என்றால் உருட்டிய பதிவுகள். `UNKNOWN`, ஆனால் பழைய ரிமோட்டும் புழக்கத்தில் இருக்கும் என்றால் பைட்டைப் பிரிக்க உட்காருவேன்.

எந்த வழியும் சரிவரவில்லை என்று தோன்றினால் குறியீட்டைச் சந்தேகிக்கும் முன் எல்இடியைப் பாருங்கள். இஎஸ்பி8266-இன் ஒரு காலிலிருந்து 12 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. நேராக அதில் மாட்டிய அகச்சிவப்பு எல்இடி ஒரு மீட்டர் போனாலே அதிகம். 5 வோல்ட்டிலிருந்து ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வழியாக, 47 ஓம் மின்தடையோடு ஓட்டினால் துடிப்பின்போது 75 மில்லிஆம்பியரை ஒட்டிக் கிடைக்கும், அறை முழுக்க எட்டும். எரிகிறதா என்பதைக் கைப்பேசியின் முன் கேமராவில் பாருங்கள். பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கலாம். அதில் எதுவும் தெரியவில்லை என்று நல்ல எல்இடியைக் கழற்றி எறிந்தவன் நான்.